ஷிப்டு மாறும் நேரத்தில் ஜாப் கார்டில் எதை எழுத வேண்டும்?

"சூரமங்கலத்தில் ஒரு லேத் பட்டறையில் சூப்பர்வைசராக இருக்கிறேன். சி.என்.சி. மெஷின்கள் மூன்று ஷிப்டும் ஓடுகின்றன. ஷிப்டு முடியும்போது ஆபரேட்டர் அன்றைய உற்பத்தியை ஜாப் கார்டில் எழுதிவிட்டுப் போகிறார். ஆனால் ஜாப் முடிந்து கூட்டிப் பார்த்தால் நாங்கள் வாங்கிய பீஸை விட அதிகமாக வருகிறது, இல்லையென்றால் குறைகிறது. யார் எழுதியது தப்பு என்றே தெரியவில்லை. எப்படி எழுதச் சொல்ல வேண்டும்?"

ஆபரேட்டரிடம் உற்பத்தியை எழுதச் சொல்வதை முதலில் நிறுத்துங்கள். "இன்று 101" என்று ஒருவர் எழுதிவிட்டுப் போனால், அந்த எண்ணைச் சரிபார்க்க மறுநாள் எந்த வழியும் இருக்காது. அதற்குப் பதிலாக, ஷிப்டு தொடங்கும்போதும் முடியும்போதும் அந்தக் கார்டுக்கு உரிய பீஸ்கள் எங்கெங்கே எத்தனை இருக்கின்றன என்ற இருப்பை எழுதச் சொல்லுங்கள். முடிவு இருப்பிலிருந்து தொடக்க இருப்பைக் கழித்து உற்பத்தியைக் காண்பது சூப்பர்வைசரின் வேலை.

ஒரு ஆபரேஷனில் ஒரு பீஸ் ஐந்து இடங்களில் ஒன்றில்தான் இருக்க முடியும்: வெட்டாத துண்டாக இருக்கும், மெஷினின் சக்கில் இருக்கும், நல்ல பீஸாக இருக்கும், ரிஜெக்ட் ஆகியிருக்கும், அல்லது அளவில் சந்தேகம் வந்து தனியே நிறுத்தி வைக்கப்பட்டிருக்கும். அடுத்த பிரிவு ஷிப்டு நடுவிலேயே எடுத்துப் போன ட்ரேக்களையும் நல்ல பீஸ் கணக்கிலேயே சேர்க்க வேண்டும். இந்த ஐந்தின் கூட்டுத்தொகை, கார்டில் வாங்கிய எண்ணிக்கைக்கு எந்த நேரத்திலும் சமமாக இருக்க வேண்டும்.

விசைத்தறிக்கான புஷ் 500 துண்டுகள் ஒரு கார்டில் வந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். காலை 6 மணிக்கு நல்லது 148, ரிஜெக்ட் 4, நிறுத்தியது 3, வெட்டாதது 344, சக்கில் 1, கூட்டினால் 500. பிற்பகல் 2 மணிக்கு நல்லது 241, ரிஜெக்ட் 7, நிறுத்தியது 5, வெட்டாதது 246, சக்கில் 1, இதுவும் 500. ஆகவே முதல் ஷிப்டின் நல்ல உற்பத்தி 93, ரிஜெக்ட் 3, நிறுத்தியது 2. மொத்தம் 98 பீஸ்கள் மெஷினை விட்டு வெளியே வந்திருக்கின்றன. வெட்டாத துண்டுகளும் 344-லிருந்து 246-ஆக, அதே 98 குறைந்திருப்பதால், எழுதியவரை நம்பலாம்.

ஆனால் அதே மெஷினின் திரையில் உள்ள கவுண்டர் காலையில் 161 என்றும் பிற்பகலில் 262 என்றும் காட்டியிருந்தால் வித்தியாசம் 101 வரும். இதைப் பார்த்து எழுதுவதுதான் பல பட்டறைகளில் குழப்பத்தின் மூலம். பொதுவாக அந்தக் கவுண்டர் எண்ணுவது பீஸை அல்ல, புரோகிராம் M30 வரை ஓடி முடிந்த தடவையை. இன்சர்ட் மாற்றிய பின் அதே பீஸை மறுபடி ஓட்டினாலும், சக்கில் எதுவும் இல்லாமல் ஒரு முறை ஓட்டிப் பார்த்தாலும் ஒன்று கூடிவிடும். ரிஜெக்ட் ஆனதும் அதில் அடக்கம். ஆகவே கவுண்டர் எண்ணை ஓரத்தில் குறித்து வையுங்கள். இருப்புக் கணக்கிலிருந்து அது வெகுவாக விலகினால், அன்றைக்கு டூல் எத்தனை முறை மாறியது என்று விசாரிக்க அது ஒரு துப்பாகும். உற்பத்தியாக மட்டும் அதை எழுத வேண்டாம்.

உங்கள் கணக்கு வாங்கியதை விட அதிகமாக வருவதற்கு, என் அனுபவத்தில், பெரும்பாலும் நிறுத்தி வைத்த பீஸ்கள்தாம் காரணம். மேற்சொன்ன கார்டிலேயே, இரண்டாம் ஷிப்டில் இன்ஸ்பெக்டர் வந்து அந்த 5 பீஸ்களையும் பார்க்கிறார். 3 ரீவொர்க் ஆகி நல்லதாகின்றன, 2 ரிஜெக்ட் ஆகின்றன. அந்த ஷிப்டு ஆபரேட்டர் புதிதாக 95 துண்டுகளை ஓட்டியதில் நல்லது 91, ரிஜெக்ட் 2, நிறுத்தியது 2. இரவு 10 மணி இருப்பு நல்லது 335, ரிஜெக்ட் 11, நிறுத்தியது 2, வெட்டாதது 151, சக்கில் 1, மறுபடியும் 500. நல்ல பீஸ் 94 கூடியிருந்தாலும் அவர் ஓட்டிய நல்ல பீஸ் 91-தான். மீதி 3 முன்பு ஓட்டியவற்றிலிருந்து மீண்டவை. காலை ஆபரேட்டர் அந்தப் பீஸ்களைத் தம் உற்பத்தியில் ஏற்கெனவே சேர்த்து எழுதியிருந்தால், இங்கே அவை இரண்டாம் முறை எண்ணப்படும். இதற்காகக் கார்டில் "நிறுத்தியதிலிருந்து நல்லது" என்று ஒரு கட்டம் தனியாக இருக்கட்டும். அதில் எழுதும் உரிமை இன்ஸ்பெக்டருக்கு மட்டுமே. இன்சென்டிவ் கொடுக்கும் பட்டறையில் இந்த ஒரு கட்டம் இல்லாவிட்டால் ஒருவருடைய உழைப்பு இன்னொருவர் பெயரில் போய்விடும். அது நடக்கக் கூடாது.

அடுத்து, எழுதும் முறை. போகிறவரின் முடிவு இருப்பும் வருகிறவரின் தொடக்க இருப்பும் இரண்டு வரிகளாக இருக்கக் கூடாது. ஒரே வரி, இரண்டு கையெழுத்து. இருவரும் ட்ரே அருகில் நின்று எண்ண வேண்டும். ஓமலூர், தாரமங்கலம் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவரிடம் கடைசி நிமிடத்தில் 241 பீஸ் எண்ணச் சொன்னால் அவர் எண்ண மாட்டார், ஊகித்துத்தான் எழுதுவார். ஒரு ட்ரேயில் 20 பீஸ் மட்டுமே நிற்கும்படி குழி வைத்த ட்ரே கொடுத்தால், 12 நிறைந்த ட்ரே, ஒன்றில் 1 என்று அரை நிமிடத்தில் முடிந்துவிடும். தராசில் எடை போட்டு எண்ணுவது சுலபம்தான். ஆனால் கூலண்டும் சீவலும் ஒட்டிய பீஸில் அந்த எண் தவறும், துடைத்த பீஸுக்கு மட்டுமே அது பொருந்தும்.

சக்கில் இருக்கும் பீஸ் யாருக்கு என்ற சண்டை வேண்டாம். வெளியே எடுப்பவருடைய கணக்கில் அது சேரும் என்று வைத்துவிடுங்கள். ஒவ்வொரு ஷிப்டும் ஒன்றைப் பெற்று ஒன்றை விட்டுச் செல்வதால் யாருக்கும் நஷ்டமில்லை. ஒரு பீஸுக்கே முக்கால் மணி நேரம் எடுக்கும் பெரிய ஜாப்பில் இது நியாயமாகாது; அங்கே எந்த ஆபரேஷன் வரை முடிந்தது, மணி என்ன என்று எழுதி நேரத்தைப் பிரிக்க வேண்டும்.

கூட்டுத்தொகை குறைந்தால் முதலில் செட்டரைக் கேளுங்கள். செட்டிங் செய்ய எடுத்த இரண்டு மூன்று துண்டுகள் எழுதப்படாமல் குப்பைத் தொட்டிக்குப் போயிருக்கும்; அவற்றையும் ரிஜெக்ட் கட்டத்தில் "செட்டிங்" என்று குறித்துச் சேர்க்க வேண்டும். செட்டர் எடுக்கவில்லை என்றால், துண்டு வந்த அன்று யாராவது எண்ணினார்களா என்று பாருங்கள். சப்ளையர் பில்லில் 500 என்று இருந்து சாக்கில் 496 வந்திருந்தால், மேலே சொன்ன எந்த முறையும் உதவாது; கார்டின் தலைப்பில் எழுத வேண்டியது பில் எண் அல்ல, நம் கையால் எண்ணிய எண். அதோடு, நிறுத்தியது எப்போதும் பூஜ்யம் என்றும் நல்லது எப்போதும் 90, 100 என்றும் வரும் கார்டை, கூட்டுத்தொகை சரியாக இருந்தாலும், நீங்களே ஒரு முறை போய் எண்ணிப் பாருங்கள்.

நைட் ஷிப்டுக்கு, அது தொடங்கிய நாளின் தேதியையே காலை 6 மணி வரை போட வேண்டும். நள்ளிரவுக்குப் பின் ஒருவர் புதுத் தேதியும் மற்றவர் பழைய தேதியும் போட்டால், ஒரே ஷிப்டு இரண்டு நாளாகப் பிரிந்து மாதக் கணக்கில் காணாமல் போகும். ஷிப்டு நடுவில் ஒரு ஜாப் முடிந்து வேறு கார்டு ஏறினால், அந்த மணியைக் குறித்து, பழைய கார்டின் இருப்பை அப்போதே எழுதி மூடிவிட வேண்டும். மாலையில் நினைவிலிருந்து எழுதுவதற்கு விட வேண்டாம்.