ஒரே கோடு, பல சாய்வு: சார்ட்டின் அகலமும் உயரமும்

கேள்வி: ஒரே தரவுதான். லேப்டாப்பில் பார்த்தால் கோடு மெதுவாக ஏறுகிறது, போனில் பார்த்தால் மலை மாதிரி நிற்கிறது. எது உண்மை?

எண்கள் இரண்டிலும் ஒன்றுதான், எனவே இரண்டுமே உண்மை. கண் எண்ணைப் பார்ப்பதில்லை, கோணத்தைப் பார்க்கிறது. அங்கேதான் வினை.

ஒரு கடையின் மாத விற்பனை ஒரு வருடத்தில் 40-லிருந்து 60-க்குச் சீராக ஏறியது என்று வைத்துக்கொள்ளுங்கள். நெட்டச்சு, அதாவது கீழிருந்து மேலே போகும் அச்சு, 40-இல் தொடங்கி 60-இல் முடிகிறது. லேப்டாப்பில் கட்டம் 16 செ.மீ. அகலம், 6 செ.மீ. உயரம் என்றால் மூலைக்கு மூலை போகும் கோடு தரையோடு சுமார் 21 டிகிரி சாய்ந்திருக்கும். போனில் அதே கட்டம் 6 செ.மீ. அகலம், 9 செ.மீ. உயரம் ஆனால் 56 டிகிரி. விற்பனையில் ஒரு ரூபாய்கூட மாறவில்லை.

கேள்வி: நெட்டச்சைப் பூஜ்யத்தில் தொடங்கினால் இந்த ஏமாற்று வேலையெல்லாம் நின்றுவிடும், இல்லையா?

பாதி சரி. பட்டை சார்ட்டுக்குப் பூஜ்யம் அவசியம், ஏனென்றால் அங்கே நாம் பட்டையின் நீளத்தைப் படிக்கிறோம். கோட்டில் படிப்பது சாய்வை. மேலே சொன்ன அதே கடையை 0 முதல் 60 வரை வரைந்து பாருங்கள். லேப்டாப்பில் 7 டிகிரி, போனில் 27 டிகிரி. இரண்டுமே படுத்துவிட்டன, ஆனால் இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி போகவில்லை. பூஜ்யம் ஒரு கதவைத்தான் மூடுகிறது, அகலமும் உயரமும் இன்னொரு கதவு.

கேள்வி: புள்ளியியல் வகுப்பில் "கோட்டின் சாய்வு 45 டிகிரிக்கு வரும்படி வரை" என்று ஒரு விதி சொன்னார்கள். ஏன் 45? யாரும் காரணம் சொல்லவில்லை.

இதற்குக் கொஞ்சம் நிதானமாகவே பதில் சொல்கிறேன். புள்ளியியலாளர் வில்லியம் கிளீவ்லாண்டும் மெக்கில் என்ற பெயருள்ள இருவரும் 1988-இல் எழுதிய கட்டுரையிலிருந்து பிரபலமான விதி இது. அதைப் புரிந்துகொள்ள, சூரியன் மேல் தெரியும் கரும்புள்ளிகளின் கணக்கை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. ஆர் என்ற புள்ளியியல் மென்பொருளிலேயே `sunspot.year` என்ற பெயரில் 1700 முதல் 1988 வரை வருட வாரியாக இருக்கிறது.

அதில் ஒரு சுழற்சியை மட்டும் எடுப்போம். 1954-இல் 4.4. மூன்றே வருடத்தில், 1957-இல், 190.2. அங்கிருந்து இறங்கி 10.2-க்கு வர 1964 ஆகிவிடுகிறது, அதாவது ஏழு வருடம். ஏற்றம் வேகம், இறக்கம் மெதுவு. பெரிய சுழற்சிகளில் இது நன்றாகவே தெரியும்.

இப்போது 288 வருடத்தையும் 16 செ.மீ. அகலம், 9 செ.மீ. உயரமுள்ள கட்டத்தில், 0 முதல் 200 வரையான அச்சில் வரையுங்கள். ஒரு வருடத்துக்குக் கிடைப்பது அரை மில்லிமீட்டர் சொச்சம். அந்த ஏற்றத்தின் கோணம் 88.9 டிகிரி, இறக்கம் 87.3. இரண்டுக்கும் 2 டிகிரிகூட வித்தியாசம் இல்லை. பார்ப்பவருக்குச் சீப்பின் பற்கள் மாதிரி செங்குத்துக் கோடுகள்தான் தெரியும். ஏற்றம் இறக்கத்தை விட சுமார் 2.4 மடங்கு வேகம் என்ற செய்தி சார்ட்டுக்குள்ளேயே இருக்கிறது, கண்ணுக்குத்தான் எட்டவில்லை.

அதையே 72 வருடம் வீதம் நான்கு துண்டாக வெட்டி, ஒவ்வொன்றையும் 16 செ.மீ. அகலம், 1.2 செ.மீ. உயரமுள்ள பட்டையாக ஒன்றன் கீழ் ஒன்றாக அடுக்குங்கள். ஏற்றம் 59 டிகிரி, இறக்கம் 35. வித்தியாசம் 24 டிகிரி! மலையின் ஒரு பக்கம் செங்குத்து, மறுபக்கம் சரிவு என்று குழந்தையும் சொல்லிவிடும்.

காரணம் இதுதான். இரண்டு சாய்வுகளின் விகிதம் மாறாதபோது, அவற்றின் கோண வித்தியாசம் மிக அதிகமாவது அவை 45-க்கு இரு பக்கமும் சமமாக நிற்கும்போது. இரண்டும் 90-ஐ நெருங்கினாலும் 0-வை நெருங்கினாலும் ஒட்டிக்கொள்ளும். கையால் கணக்குப் போட வேண்டாம், ஆரின் லாட்டிஸ் தொகுப்பு தானே போடும்:

```r
library(lattice)
xyplot(sunspot.year, aspect = "xy",
       cut = list(number = 4, overlap = 0.05))
```

பைத்தானில் சார்ட் வரைய மேட்பிளாட்லிப் பயன்படுத்துபவர்கள் கவனிக்க: `figsize` என்பது முழுத் தாளின் அளவு. தலைப்பும் அச்சு எண்களும் இடத்தைப் பிடித்த பிறகு மிஞ்சும் கட்டம் வேறு விகிதத்தில் இருக்கும். கட்டத்தையே பிடிக்க `ax.set_box_aspect(1.2/16)`.

கேள்வி: படத்தை இழுத்தால் முகம் நீளுமே, அந்தப் பிரச்சினைதானே? விகிதத்தைப் பூட்டிவிட்டு இழுத்தால் முடிந்தது.

அது வேறு. படமாக ஒட்டியதை இழுத்தால் எழுத்தும் சேர்ந்து நசுங்கும், பார்த்தவுடன் பிடித்துவிடலாம். நான் சொல்வது சார்ட் மறுபடி வரையப்படும்போது நடப்பது. எழுத்து அழகாகவே இருக்கும், கோணம் மட்டும் மாறியிருக்கும். ஒருமுறை எக்ஸெல்லில் எண் முழுசாகத் தெரியவில்லை என்று நெடுவரிசைகளை அகலமாக்கினேன். செல்களோடு சேர்ந்து அளவு மாறும்படி வைத்திருந்த சார்ட்டும் கூடவே நீண்டு, கோடு படுத்துவிட்டது. கூட்டத்தில் "போன மாதம் காட்டியபோது இவ்வளவு மந்தமாக இல்லையே" என்று ஒருவர் கேட்ட பிறகுதான் எனக்கே உறைத்தது.

கேள்வி: என் கடை விற்பனை கிட்டத்தட்ட நேர்க்கோடாக ஏறுகிறது. வங்கிக்கு 45 டிகிரியில் காட்டினால் நியாயம்தானே?

இல்லைங்க. நேர்க்கோட்டுக்கு இந்த விதியால் பயனே இல்லை. வருடத்துக்கு 2 சதவீதம் வளரும் கடையையும் 50 சதவீதம் வளரும் கடையையும் அது ஒரே 45-க்குக் கொண்டுவந்துவிடும். கோட்டின் ஒரு பகுதியை இன்னொரு பகுதியோடு ஒப்பிடுவதற்கான விதி அது. வளர்ச்சி எவ்வளவு என்று அது சொல்லாது. வங்கிக்குச் சதவீதத்தை எண்ணாகவே எழுதிக் கொடுங்கள். போன வருடச் சார்ட்டையும் பக்கத்தில் வைப்பதாக இருந்தால், ஒரு செ.மீ.க்கு எத்தனை மாதம், எத்தனை ரூபாய் என்பது இரண்டிலும் ஒன்றாக இருக்கட்டும்.

கேள்வி: ஹவாய் மௌனா லோவாவில் அளக்கும் கரியமில வாயுக் கணக்குக்கு எந்த விகிதம் சரி?

ஒன்று போதாது. 1958-இல் பத்து லட்சத்துக்கு 315 பங்கு, அதாவது 315 பிபிஎம் அளவில் தொடங்கி 420-ஐத் தாண்டிவிட்டது, அது ஒரு சாய்வு. வருடா வருடம் சுமார் 6 பிபிஎம் ஏறி இறங்குவது இன்னொரு சாய்வு. முதலாவதை 45-க்கு வைத்தால் கட்டம் ஏறக்குறைய சதுரமாகும். அதில் பருவ ஏற்றமும் இறக்கமும் 80 டிகிரிக்கு மேல் போய், வெறும் ரம்பப் பல்லாகத் தெரியும். மே மாதத்துக்குப் பிறகு வேகமாக இறங்கி, இலையுதிர்காலத்திலிருந்து மெதுவாக ஏறுவதைப் பார்க்க நீளமான பட்டை வேண்டும். இரண்டு சார்ட் போடுங்கள். ஆய்வாளர்கள் ஹீரும் அகர்வாலாவும் 2006-இல் சொன்ன வழியும் இதுதான்.

கேள்வி: 45 விதியை டால்பாட், கெர்த், ஹன்ரஹான் என்ற ஆய்வாளர்கள் 2012-இல் சோதித்து, அது எப்போதும் சிறந்ததல்ல என்றார்கள். அதை ஏன் சொல்லவில்லை?

சொல்லியிருக்க வேண்டும், நன்றி. சாய்வுகளின் விகிதத்தை ஆட்களை விட்டு மதிப்பிட வைத்தபோது, 45-ஐ விடப் படுத்த கோணங்களில் பிழை குறைவாக வந்தது அவர்களுக்கு. கோண வித்தியாசம் அதிகம் என்பது மட்டும் நல்ல மதிப்பீட்டைத் தந்துவிடாது என்று ஆகிறது. இருந்தாலும் அது விகிதத்தை எண்ணாகச் சொல்லும் வேலை. கரும்புள்ளிச் சார்ட்டில் நான் கேட்பது "எந்தப் பக்கம் செங்குத்து" என்பது மட்டும்தான். அந்த வேலைக்கும் 45 தோற்குமா என்பதில் எனக்கு இன்னும் தெளிவில்லை. இப்போதைக்கு 45-இல் தொடங்கி, கொஞ்சம் படுக்கவைத்தும் ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன்.