டேங்கர் அனுபவம் எத்தனை மாதம்?

“நான் தேர்டு ஆபீசர். பல்க் கேரியரிலும் பிராடக்ட் டேங்கரிலும் ஓடியிருக்கிறேன். டேங்கர் கம்பெனிகளுக்கு ரெஸ்யூமே அனுப்பினால் ‘டேங்கர் அனுபவம் எவ்வளவு?’ என்று திரும்பக் கேட்கிறார்கள், சிலர் பதிலே போடுவதில்லை. எல்லாம் அதில்தானே இருக்கிறது?”
– வாசகர், தூத்துக்குடி

இருக்கிறது, ஆனால் கணக்குப் போட்டால்தான் கிடைக்கும். நீங்கள் இணைத்திருந்த தாளில் ‘கடல் அனுபவம் 3 வருடம்’ என்று ஒரே வரி. அதில் பாதி கேடட் காலம். எண்ணெய்க் கம்பெனிகள் டேங்கரை வாடகைக்கு எடுக்கும் முன் ஆபீசர் மேட்ரிக்ஸ் என்ற அட்டவணையைப் பார்க்கும். இந்தப் பதவியில் எத்தனை காலம், இந்த வகை டேங்கரில் எத்தனை, எல்லா டேங்கரிலும் சேர்த்து எத்தனை என்பதெல்லாம் அதில் தனித்தனிக் கட்டம். உங்களை எடுப்பவர் அந்தக் கட்டங்களைத்தான் மனதில் வைத்துப் படிக்கிறார்.

ஆகவே ஒரு கப்பலுக்கு ஒரு வரி, கடைசிக் கப்பல் முதலில். பெயர், ஐஎம்ஓ எண், கொடி, வகை, டன், பதவி, சைன் ஆன், சைன் ஆஃப், மொத்தம். கப்பல் பெயர் மாறினாலும் ஐஎம்ஓ எண் மாறாது, அதை விடாதீர்கள். வெறும் ‘டேங்கர்’ போதாது. பிராடக்டா, குரூடா, கெமிக்கலா என்று எழுதுங்கள். தேதிகள் உங்கள் கடல் பணிப் பதிவுப் புத்தகமான சிடிசியில் முத்திரை விழுந்தவையாக இருக்கட்டும். நீங்கள் விமானம் ஏறிய நாளைப் போட்டால் சரிபார்க்கும்போது இடிக்கும்.

உங்கள் டேங்கர் ஒன்றில் 14-03-2023 முதல் 02-09-2023 வரை, இரண்டு நாளையும் சேர்த்து 5 மாதம் 20 நாள். இன்னொன்றில் 6 மாதம் 3 நாள். ஆக டேங்கரில் 11 மாதம் 23 நாள். பல்க் கேரியரின் 6 மாதம் 12 நாளையும் கூட்டினால் தேர்டு ஆபீசராக 18 மாதம் 5 நாள். இந்த இரண்டு கூட்டுத்தொகையையும் அட்டவணைக்கு மேலேயே போட்டுவிடுங்கள். 18 மாதக் கேடட் காலம் கீழே தனியாக நிற்கட்டும்.

அப்புறம், சிஓசி என்ற தகுதிச் சான்றிதழ். உங்களிடம் இருப்பது செகண்ட் மேட் ஃபாரின் கோயிங் சான்றிதழ். பார்த்தது தேர்டு ஆபீசர் வேலை. தலைப்பில் ‘செகண்ட் மேட்’ என்று மட்டும் போட்டிருக்கிறீர்கள். படிப்பவர் அதைப் பதவி என்று நினைத்துவிட்டு, கீழே வேறு பதவியைக் கண்டதும் சந்தேகப்படுவார். பதவி ஒரு வரி, சிஓசி இன்னொரு வரி: வகுப்பு, எண், கொடுத்த நாடு, காலாவதித் தேதி. டேங்கர் சரக்கைக் கையாளும் தகுதிக்கான டிசிஇ சான்றை அதற்கு அடுத்து எழுதி, எண்ணெயா, கெமிக்கலா, கேஸா, பேசிக்கா, அட்வான்ஸ்டா என்று குறியுங்கள். அதற்கும் காலாவதி உண்டு.

இரண்டு கப்பலுக்கு நடுவே 7 மாதம் வெறுமையாகத் தெரிகிறது. கோர்ஸா, வீட்டுக் காரணமா, நாலு சொல்லில் எழுதிவிடுங்கள். விட்டால் பாதியில் இறக்கிவிட்டார்களோ என்றுதான் முதலில் தோன்றும்.