பத்தாவது இரவு யாருக்கு?

அன்புள்ள அக்கா,
தேவகோட்டையில் மாமியார் வைத்து வந்த கொலுவை 2025-இல் முதல்முறையாக நான் வைத்தேன். செப்டம்பர் 22-இல் தொடங்கி ஒன்பது இரவு எண்ணி, 30-ஆம் தேதி இரவே பொம்மைகளைக் கட்டிவிட்டேன். மறுநாள்தான் சரஸ்வதி பூசை என்கிறார்கள். ஐந்து படி போதுமா? மூன்று மூன்று இரவாகப் பிரிப்பது எதற்கு?

அன்புள்ள தங்கைக்கு,

படி ஒற்றைப்படையாக இருந்தால் போதும், ஐந்து தாராளம். ஆனால் 30-ஆம் தேதியே கட்டியதற்கு உங்களைத் திட்டத்தான் வேண்டும். சரஸ்வதிக்கு உரிய மூன்று இரவில் ஒன்றைப் பறித்துவிட்டீர்களே!

நவராத்திரியை விரல்விட்டு எண்ணக் கூடாது, திதியைப் பார்க்க வேண்டும். பிரதமை முதல் நவமி வரை ஒன்பது திதிகள். சூரிய உதயத்தில் எந்தத் திதி இருக்கிறதோ அதுவே அன்றைய திதி. சந்திரன் மெதுவாக நகரும்போது ஒரு திதி 24 மணி நேரத்தைத் தாண்டி, இரண்டு உதயத்தைப் பிடித்துக்கொள்ளும். அந்த வருடம் திருதியைக்கு அப்படித்தான் ஆனது. 24-ஆம் தேதி விடியுமுன் தொடங்கி, 25 காலை உதயத்துக்குப் பிறகுதான் முடிந்தது. அதனால் பத்து இரவு வந்தது.

கூடுதல் இரவு துர்க்கைக்கு. 22 முதல் 25 வரை அவள், 26 முதல் 28 வரை லட்சுமி, 29 முதல் அக்டோபர் 1 வரை சரஸ்வதி. கணக்கு சரிதானா என்று பார்க்க வழி இருக்கிறது. சரஸ்வதியை ஆவாகனம் செய்வது மூல நட்சத்திரத்தில், அது 29-ஆம் தேதிதான் வந்தது.

எங்கள் அப்பத்தா எச்சில் தொட்டுப் பஞ்சாங்கத்தைப் புரட்டி முதலில் தேடுவது மூலத்தைத்தான். அன்று காலை வளவில் பலகை போட்டு, என் பாடப்புத்தகங்களையும் தாத்தாவின் கணக்குப் பேரேட்டையும் அடுக்கிப் பட்டுத்துணி போர்த்துவாள். பொருள் கேட்டீர்களே, அவள் சொன்னதைவிட எளிதாக எனக்குச் சொல்லத் தெரியாது: “முதல்ல பயம் போகணும், அப்புறம் வயிறு நிறையணும், அதுக்கப்புறம்தான் படிப்பு ஏறும்.” வரிசையை மாற்றிச் சொன்னால் அவளுக்குக் கோபம் வரும். பசித்த பிள்ளையிடம் ஏட்டைக் கொடுக்கிறாயா என்று கேட்பாள்.

விஜயதசமியன்று மகர்நோன்புப் பொட்டலில் சாமி அம்பு போடுவதைப் பார்த்துவிட்டு வந்து, ஆரத்தி எடுத்து, மரப்பாச்சி ஒன்றை மட்டும் படுக்க வைப்பாள். செம்மரம், மூக்கு தேய்ந்து மழுங்கிப்போனது. மறுநாள்தான் மற்றவை இறங்கும், அதுவும் வெள்ளிக்கிழமையாக இருந்தால் இறங்காது. நீங்கள் சொல்லும் வருடம் விஜயதசமி வியாழன், அக்டோபர் 2. எங்கள் வீட்டில் சனிக்கிழமைதான் பெட்டியைத் திறந்தோம்.

இனி மஹாளய அமாவாசைக்கு முன்பே மூலமும் நவமியும் என்றைக்கு என்று பார்த்துக் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள். போனதற்கு மனதைப் போட்டு வருத்திக்கொள்ள வேண்டாம், மாமியாரின் பொம்மைகளைப் பெட்டியிலேயே விடாமல் எடுத்து வைத்தீர்களே, அதுவே எனக்குச் சந்தோஷம்.