மகனின் குறட்டையும் மூக்கின் பின்னால் வளர்ந்த சதையும்

கேள்வி: என் மகனுக்கு 5 வயது. இரவு முழுவதும் வாயைத் திறந்தபடி குறட்டை விடுகிறான். இந்த ஒரு வருடத்தில் 5 முறை தொண்டை வலியும் காய்ச்சலும் வந்து ஆன்டிபயாட்டிக் கொடுத்தோம். எக்ஸ்ரே பார்த்த டாக்டர், அடினாய்டு பெரிதாக இருக்கிறது, எடுத்துவிடலாம் என்கிறார். வளர வளரத் தானாகச் சரியாகிவிடும் என்கிறார் மாமியார். யார் சொல்வதைக் கேட்பது?
- ஒரு வாசகி, ஈரோடு

பதில்: அன்புச் சகோதரிக்கு,

உங்கள் மாமியார் சொல்வதில் உண்மை இருக்கிறது. மூக்கின் பின்புறம், அண்ணத்துக்கு மேலே மறைந்திருக்கும் அடினாய்டு சதை ஏறக்குறைய 7 வயது வரை பெரிதாகி, பிறகு மெல்லச் சுருங்கி, பதின்பருவத்தில் பெரும்பாலும் இல்லாமலே போய்விடும். ஆனால் அதுவரை பொறுத்திருக்கலாமா என்பதை எக்ஸ்ரே படத்தை விட உங்கள் மகன் உறங்கும் விதமே தெளிவாகச் சொல்லும்.

அவன் நன்றாக உறங்கிய பின், மார்பும் வயிறும் தெரியும்படி கைப்பேசியில் சில நிமிடங்கள் வீடியோ எடுங்கள்; மூச்சுத் தடை அதிகாலையில் கூடுதலாகத் தெரியும் என்பதால் அப்போதும் ஒரு முறை எடுங்கள். குறட்டை சட்டென்று நின்று, மார்பு உள்வாங்கித் தவித்து, சில நொடிகள் கழித்துத் திணறலோடு மூச்சு திரும்புகிறதா என்று பாருங்கள். கழுத்தைப் பின்னுக்கு வளைத்துப் படுப்பது, தலையணை நனைய வியர்ப்பது, நின்றுபோன படுக்கை நனைத்தல் மறுபடி தொடங்குவது ஆகியவையும் அதே தடையைக் காட்டக்கூடும். வீடியோவில் இப்படித் தெரிந்தால், அது வளர்ச்சியையும் கவனத்தையும் பாதிக்கும் உறக்க மூச்சுத் தடையாக இருக்கலாம். அதை உங்கள் டாக்டரிடம் காட்டுங்கள். அது உறுதியானால் அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம் என்பதே என் கருத்து. டான்சிலும் பெரிதாக இருந்தால் இரண்டையும் சேர்த்தே எடுப்பார்கள்.

டிவியின் ஒலியைக் கூட்டி வைக்கிறானா, கூப்பிட்டால் திரும்பத் தாமதிக்கிறானா என்பதையும் கவனியுங்கள். அடினாய்டு, காதுக்குச் செல்லும் குழாயை அடைத்து, வலியே இல்லாமல் செவிப்பறைக்குப் பின்னால் நீர் சேரச் செய்யும். சந்தேகம் இருந்தால் செவித்திறன் சோதனை செய்துவிடுங்கள்.

மூச்சும் நிற்கவில்லை, காதும் நன்றாகக் கேட்கிறது என்றால் அவசரம் இல்லை. உப்புநீர்ச் சொட்டு மருந்தோடு, டாக்டர் எழுதித் தரும் ஸ்டீராய்டு மூக்கு ஸ்பிரேயை 6 முதல் 12 வாரம் தவறாமல் பயன்படுத்தினால் பல பிள்ளைகளுக்கு அடைப்பு குறைகிறது. ஸ்பிரேயின் முனையை மூக்கின் நடுச்சுவரை நோக்கிப் பிடித்தால் இரத்தம் கசியும். அது அந்தந்தப் பக்கக் காதை நோக்கியே சாய்ந்திருக்க வேண்டும்.

தொண்டைக் காய்ச்சல் தனிக் கணக்கு. அது பெரும்பாலும் தொண்டையையும் டான்சிலையும் சார்ந்தது என்பதால், அடினாய்டை மட்டும் எடுத்தால் நின்றுவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். அதற்காக டான்சிலை எடுக்க, ஒரே ஆண்டில் 7 முறை, அல்லது தொடர்ந்து 2 ஆண்டுகள் ஆண்டுக்கு 5 முறை வந்திருக்க வேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் அளவுகோல். உங்கள் மகன் இன்னும் அந்த எல்லையைத் தொடவில்லை. அந்த 5 முறையில் சில வைரஸால் வந்தவையாகவும் இருந்திருக்கலாம். அவற்றுக்கு ஆன்டிபயாட்டிக் உதவாது. அடுத்த முறை இருமலும் மூக்கொழுகலும் சேர்ந்து வந்தால், ஆன்டிபயாட்டிக் தேவைதானா என்று டாக்டரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். ஒவ்வொரு முறையும் தேதியையும் காய்ச்சல் அளவையும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள்.