தாலி கட்டும் நேரத்தில் பேட்டரி தீராமல் இருக்க

கேள்வி: ஐயா, ஓராண்டாகத் தனியாகத் திருமணங்களுக்குப் படம் எடுத்து வருகிறேன். என்னிடம் இரண்டு கார்டு போடும் வசதியுள்ள 24 மெகாபிக்சல் மிரர்லெஸ் கேமரா, இரண்டு பேட்டரி, இரண்டு 64 ஜிபி கார்டு, ஒரு லேப்டாப் உள்ளன. ஒரு பேட்டரி இரண்டரை மணி நேரம் வருகிறது. சென்ற மாதம் தாலி கட்டும்போது பேட்டரி தீர்ந்துவிட்டது. அடுத்த வேலை முதல் நாள் மாலை ஐந்தரை மணிக்கு வரவேற்பில் தொடங்கி மறுநாள் மதியம் முடிகிறது. எத்தனை பேட்டரி, எத்தனை கார்டு வேண்டும்? படங்களை எப்போது நகல் எடுப்பது?
– ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: கேமரா கையேட்டில் அச்சிட்டிருக்கும் படக் கணக்கை நம்பாமல், மணிக்கணக்கில் கணக்கிட்டிருக்கிறீர்களே, அதுவே சரியான முறை. மிரர்லெஸ் கேமராவில் நீங்கள் படம் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாலும் சென்சாரும் திரையும் மின்சாரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும். ஆனால் அந்த இரண்டரை மணி நேரத்தையும் முழுதாகக் கணக்கில் சேர்க்க வேண்டாம். பழைய பேட்டரிகள் இருபது சதவீதம் என்று காட்டிக்கொண்டிருக்கும்போதே திடீரென்று விழுந்துவிடுவதுண்டு. ஆகவே ஒரு பேட்டரிக்கு இரண்டு மணி நேரம் என்றே வைத்துக்கொள்வோம்.

வரவேற்பு ஐந்தரைக்குத் தொடங்கிப் பத்தரைக்கு முடிந்தால் ஐந்து மணி நேரம். மூன்று பேட்டரிகள் செலவாகும். மறுநாள் காலை நாலரை முதல் பன்னிரண்டரை வரை எட்டு மணி நேரம், நான்கு வேண்டும். ஆகவே உங்களுக்குத் தேவை மொத்தம் நான்கே. இன்னும் இரண்டு வாங்கினால் போதும். இரவு பதினொரு மணிக்குக் காலியாக இருக்கும் மூன்றில் இரண்டை இரட்டைச் சார்ஜரிலும், மூன்றாவதைக் கேமராவுக்குள்ளேயே யுஎஸ்பி வழியாகவும் ஏற்றினால், நடுவில் எழுந்து மாற்றிப் போடும் வேலை இல்லாமல் காலை நாலு மணிக்கு நான்கும் நிறைந்திருக்கும். உங்கள் கேமரா அப்படி ஏற்றிக்கொள்ளுமா என்பதை மட்டும் வீட்டிலேயே பார்த்துவிடுங்கள். காலையில் முதலில் கழற்றும் பேட்டரியை உடனே சார்ஜரில் போட்டுவிட்டால் ஒன்பது மணிவாக்கில் அதுவும் திரும்பக் கிடைத்துவிடும்.

மண்டபத்துச் சார்ஜிங்கில் ஒரு தொல்லை உண்டு. யாராவது உறவினர் தம் செல்போனுக்காக உங்கள் சார்ஜரைப் பிடுங்கிவிடுவார். அல்லது விளக்குகளை அணைக்கும் பொது ஸ்விட்சோடு அந்தப் பிளக்கும் அணைந்துவிடும். தூங்கப் போகுமுன், அறை விளக்கை அணைத்த பிறகும் சார்ஜரின் சிறு விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். பேட்டரிகளின் மேல் 1, 2, 3, 4 என்று எண் ஒட்டி, நிறைந்ததை ஒரு பையிலும் காலியானதை வேறொரு பையிலும் வைத்தால் குழப்பம் வராது.

இனி, உங்களைச் சென்ற மாதம் கைவிட்ட அந்த நிமிடத்துக்கு வருவோம். பேட்டரியைத் தீரும்போது மாற்றும் பழக்கத்தை விட்டு, சடங்கைப் பார்த்து மாற்றும் பழக்கத்துக்கு வாருங்கள். தாலியைத் தேங்காயோடு தட்டில் வைத்துச் சபையில் ஆசி வாங்க எடுத்துச் செல்வார்கள் அல்லவா, அதுவே உங்களுக்கு அடையாளம். தட்டு மேடையிலிருந்து இறங்கியதும் இரண்டொரு படம் எடுத்துவிட்டு, பேட்டரி அறுபது சதவீதம் காட்டினாலும் கழற்றிவிட்டு நிறைந்ததைப் போடுங்கள். பிளாஷிலும் நான்கு செல்களையும் ஒருசேர மாற்றுங்கள். பிளாஷ் அடுத்த வெளிச்சத்துக்கு வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்துக்கொள்கிறது என்றால் செல்கள் தளர்ந்துவிட்டன என்று பொருள். பழைய இரண்டும் புதிய இரண்டுமாகக் கலந்து போடாதீர்கள். தட்டு மேடைக்குத் திரும்பும்போது நீங்கள் தயாராக இருப்பீர்கள். கெட்டிமேளம் தொடங்கிய பிறகு கேமராவின் அடிமூடியைத் திறக்க நேரமிருக்காது.

கார்டு விஷயத்தில் எண்ணிக்கையைவிட, அவற்றைப் பயன்படுத்தும் முறைதான் முக்கியம். பல கேமராக்களில் ஒன்று நிறைந்த பின் அடுத்ததற்குப் போகும்படி அமைப்பு இருக்கும். உங்களுடையதும் அப்படி இருந்தால், ஒவ்வொரு படமும் இரண்டு கார்டிலும் ஒரே நேரத்தில் பதியும்படி மாற்றுங்கள். ரா கோப்பு ஒன்று ஏறத்தாழ 30 எம்பி என்று கொண்டால், வரவேற்பில் 1,200 படங்களுக்கு 36 ஜிபி ஆகும். உங்களிடமுள்ள 64 ஜிபி இணையே போதும். முகூர்த்த நாளின் 2,000 படங்களுக்கு 60 ஜிபி. அது 64-இல் விளிம்புவரை வந்துவிடும் என்பதால் இரண்டு 128 ஜிபி கார்டுகள் வாங்குங்கள். இரண்டும் ஒரே வகையாக இருக்கட்டும். ஒன்று மெதுவானதாக இருந்தால் தொடர்ச்சியாக எடுக்கும்போது கேமரா அதற்காகக் காத்து நிற்கும். பெரிய கார்டு ஆபத்து, சிறியவற்றைப் பலவாக வைத்துக்கொள் என்பார்கள். ஒற்றைக் கார்டு கேமராவுக்கு அது சரி. இரட்டைப் பதிவில் கூட்டத்துக்கு நடுவே கார்டு மாற்றுவதுதான் அதிக ஆபத்து. வீடியோவும் எடுப்பதானால் இந்தக் கணக்கு செல்லாது: நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் பதிவாகும் 4கே வீடியோ மணிக்கு 45 ஜிபி விழுங்கும்.

முக்கியமாக, வரவேற்புக் கார்டுகளை அழித்துவிட்டு முகூர்த்தத்துக்குப் பயன்படுத்தாதீர்கள். நான்கு கார்டுகள் கேட்பதன் காரணமே அதுதான்.

நகல் எடுக்க ஏற்ற நேரம் வரவேற்பு முடிந்த இரவு. ஒரு நல்ல ரீடரில் நொடிக்கு 80 எம்பி வந்தால் 36 ஜிபி எட்டு நிமிடத்தில் ஏறிவிடும். முதலில் கார்டிலிருந்து லேப்டாப்புக்கும், பிறகு அதே கார்டிலிருந்து வெளி எஸ்எஸ்டிக்கும் நகல் எடுங்கள். லேப்டாப்பிலிருந்து எஸ்எஸ்டிக்கு எடுத்தால் முதல் நகலில் உள்ள பழுது இரண்டாவதிலும் ஒட்டிக்கொள்ளும். Copy மட்டுமே, Cut வேண்டவே வேண்டாம். முடிந்ததும் கோப்புகளின் எண்ணிக்கையும் மொத்த அளவும் மூன்று இடத்திலும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். TeraCopy போன்ற மென்பொருளின் Verify வசதி உள்ளடக்கத்தையே ஒப்பிட்டுச் சொல்லும். பிறகு தொடக்கம், நடு, கடைசி என்று சில படங்களை முழு அளவில் திறந்து பாருங்கள். பாதியில் சாம்பல் பட்டையோ வண்ணக் கீற்றோ தெரிந்தால் அந்த நகல் கெட்டது.

பிரதிகள் எத்தனை இருந்தாலும் ஒரே பையில் இருந்தால் அவை ஒரே பிரதிதான். இதை நான் கற்றது ஒரு மண்டபத்தில். மாப்பிள்ளை அறையில் வைத்த என் பை, லேப்டாப்பும் வெளி டிஸ்க்கும் சேர்த்து, விடிவதற்குள் காணாமல் போயிற்று. முந்தைய இரவுப் படங்கள் தப்பியது சட்டைப்பையில் மறந்து வைத்திருந்த ஒரு கார்டால்தான். அன்றிலிருந்து ஒரு கார்டு என்னிடம், இன்னொன்று உதவியாளரிடம், எஸ்எஸ்டி வண்டியில் என்று பிரித்துவிடுகிறேன்.

கேமரா திடீரென்று கார்டில் பிழை என்று சொல்லி, ஃபார்மட் செய்யட்டுமா என்று கேட்டால் சம்மதிக்காதீர்கள். அதைக் கழற்றி, பக்கவாட்டுப் பூட்டைத் தள்ளித் தனியே வைத்துவிட்டு வேறு கார்டைப் போட்டு வேலையைத் தொடருங்கள். அதற்குமேல் எதுவும் எழுதப்படாத வரையில், PhotoRec போன்ற மென்பொருளால் பெரும்பகுதியை மீட்கும் வாய்ப்பு உண்டு.

வாங்க வேண்டியவற்றில் இப்போதைக்கு ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் முதலில் கார்டுகளை வாங்குங்கள். பேட்டரியைத் தெரிந்த போட்டோகிராஃபரிடம் ஒருநாளைக்கு இரவல் கேட்கலாம்; கார்டை இரவல் வாங்கினால், ஆல்பம் கொடுத்து முடிக்கும்வரை அதைத் திருப்பித் தர முடியாது.