ஊருக்குப் போனவரின் பங்கை யார் தருவது?

*கேள்வி: சிங்கப்பூரில் ஐந்து பேர் சேர்ந்து ஒரு வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். வைஃபை, தண்ணீர் கேன், சமையல் அக்கா சம்பளம் மூன்றையும் பிரிப்பதில் மாதாமாதம் சண்டை. தீபாவளிக்கு ஊருக்குப் போகிறவர், "சாப்பிடாத நாளுக்கு நான் ஏன் தர வேண்டும்?" என்கிறார். நியாயமான விதி ஒன்றை எழுத்தில் வைக்க ஒரு கடிதம் எப்படி எழுதலாம்?*

மூன்று செலவையும் ஒரே அளவுகோலால் பிரிக்கப் பார்ப்பதால்தான் சண்டை வருகிறது. ஒருவர் வீட்டில் இல்லாத நாளில் அந்தச் செலவு குறைகிறதா என்று ஒவ்வொன்றையும் தனித்தனியே கேட்டுப் பாருங்கள். வைஃபை கட்டணம் ஒரு காசுகூடக் குறையாது. தண்ணீர், அவர் குடிக்காமல் விட்ட அளவுக்குக் குறையும். சிக்கல் சமையல் சம்பளத்தில்தான் இருக்கிறது: அது குறையவும் செய்யாது, போனவருக்குச் சாப்பாடும் கிடைக்காது. அவர் தராமல் விடும் ஒவ்வொரு வெள்ளியையும் மற்ற நால்வரில் யாரோ தந்தாக வேண்டும். ஆகவே விதியின் பெரும்பகுதி அந்த இடத்தைப் பற்றியே இருக்க வேண்டும்.

எங்கள் வீட்டிலும் ஐந்து பேர்தான். நாங்கள் கையெழுத்திட்ட கடிதத்தைக் கீழே தருகிறேன். தொகைகளை உங்கள் வீட்டுக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம்; அமைப்பை மாற்ற வேண்டியிருக்காது.

---

அன்புள்ள வீட்டுத் தோழர்களுக்கு,

வணக்கம். வரும் நவம்பர் மாதம் முதல் வைஃபை, குடிதண்ணீர், சமையல் அக்காவின் சம்பளம் ஆகிய மூன்றையும் பின்வரும் முறையில் பிரித்துக்கொள்ளலாம் என்று முன்மொழிகிறேன். வாடகை அறைக்கு அறை வேறுபடுவது சரியே. ஆனால் இந்த மூன்றுக்கும் அறையின் அளவோடு தொடர்பில்லை என்பதால், பெரிய அறையில் இருப்பவரும் சின்ன அறையில் இருப்பவரும் இதில் ஒரே கணக்கில்தான் வருவார்கள்.

வைஃபை மாதம் 40 வெள்ளி. இதை ஐவரும் தலைக்கு 8 வெள்ளியாக, ஊரில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், எவ்வளவு பயன்படுத்தினாலும் சமமாகத் தருவோம். ஒப்பந்தம் 24 மாதங்களுக்கானது. அது நம்மில் ஒருவர் பெயரில் இருப்பதால், இடையில் நிறுத்தினால் வரும் அபராதமும் அவர் தலையில்தான் விழும். ஆகவே வீட்டைக் காலி செய்கிறவர், தம் இடத்துக்கு வேறொருவர் வரும்வரை, அதிகபட்சம் இரண்டு மாதங்களுக்கு, தம் வைஃபை பங்கைத் தொடர்ந்து தர வேண்டும். கேம் விளையாடுவதற்காகக் கூடுதல் வேகம் வேண்டும் என்கிறவர், கூடும் கட்டணத்தைத் தாமே ஏற்க வேண்டும்.

தண்ணீரையும் சம்பளத்தையும் பிரிக்க 'தலைநாள்' என்ற ஓர் அலகை வைத்துக்கொள்வோம். ஒருவர் ஒரு நாள் வீட்டில் இருந்தால் அது ஒரு தலைநாள். புறப்படும் நாள் கணக்கில் சேராது, திரும்பி வரும் நாள் சேரும். தொடர்ந்து ஐந்து நாளோ அதற்கு மேலோ வெளியே இருந்தால் மட்டுமே கழிவு உண்டு. சனி ஞாயிறு ஜொகூர் பாரு போய் வருவதையும், வெளியே நண்பர்களோடு சாப்பிட்டுவிட்டு வருவதையும் கணக்கில் எடுத்தால் நமக்கு இதே வேலையாகப் போய்விடும். விருந்தினர் மூன்று இரவுக்கு மேல் தங்கினால், நான்காம் நாளிலிருந்து அவருடைய தலைநாள்கள் அழைத்தவரின் கணக்கில் சேரும்.

நவம்பரில் நால்வர் 30 நாளும் இங்கே இருக்கிறோம். நடு அறைத் தம்பி தீபாவளிக்காக 18 நாள் ஊரில் இருப்பார். அவருக்கு 12 நாள். மொத்தம் 132 தலைநாள்கள்.

தண்ணீர் முழுவதும் தலைநாள் கணக்கில் பிரியும். ஆறு கேன் வாங்கினால் 66 வெள்ளி. அதை 132-ஆல் வகுத்தால் தலைநாளுக்கு 50 காசு. இங்கிருப்பவர் ஒவ்வொருவரும் 15 வெள்ளி, தம்பி 6 வெள்ளி. குழாய்த் தண்ணீரே போதும் என்கிறவர், மாதத் தொடக்கத்தில் சொல்லிவிட்டு இந்தக் கணக்கிலிருந்து முழுவதுமாக விலகிக்கொள்ளலாம். ஆனால் விலகியபின் கேனில் ஒரு குவளைகூட எடுக்கக் கூடாது.

அக்காவின் சம்பளம் 660 வெள்ளி. இதில் பாதியான 330 வெள்ளியை, அக்கா நம் வீட்டுக்கு வந்துகொண்டிருப்பதற்கான விலையாகக் கருதி, ஐவரும் தலைக்கு 66 வெள்ளியாகச் சமமாகத் தருவோம். ஊருக்குப் போனவரும் திரும்பி வந்த அன்று இரவே அக்கா சமைத்ததைத்தான் சாப்பிடப் போகிறார். அந்த ஏற்பாட்டைக் கலையாமல் வைத்திருப்பதில் அவருக்கும் பங்கு உண்டு. மீதி 330 வெள்ளி தலைநாள் கணக்கில் பிரியும்: தலைநாளுக்கு 2.50 வெள்ளி. இங்கிருப்பவருக்கு 75, தம்பிக்கு 30. ஆக, நாங்கள் ஒவ்வொருவரும் 141 வெள்ளி தருவோம். தம்பி 96 வெள்ளி தருவார். சமமாகப் பிரித்திருந்தால் எல்லோருக்கும் 132 வந்திருக்கும். அவர் 36 வெள்ளி மிச்சப்படுத்துகிறார். அதற்காக நாங்கள் ஆளுக்கு 9 வெள்ளி கூடுதலாகத் தருகிறோம். நாளை நாங்கள் ஊருக்குப் போகும்போது இதே சலுகை எங்களுக்கும் கிடைக்கும்.

இருப்பவர் சுமைக்கு ஓர் எல்லையும் வேண்டும். ஒரே மாதத்தில் இருவர் முழு மாதமும் போய்விட்டால், மீதமுள்ள மூவருக்கும் ஆளுக்கு 176 வெள்ளி வரும். அது நியாயமில்லை. எனவே, யாருடைய சம்பளப் பங்கும் சமபங்கைவிடக் கால்பங்குக்கு மேல் கூடக் கூடாது என்று வைப்போம். அதாவது 165 வெள்ளியே உச்சம். அந்த எல்லையைத் தாண்டும் தொகை போனவர்களிடம் திரும்பும். மேற்சொன்ன நிலையில் அவர்கள் ஆளுக்கு 82.50 வெள்ளி தருவார்கள்.

நாம் எத்தனை பேர் இருந்தாலும் அக்காவின் சம்பளத்தைக் குறைக்கக் கூடாது. சாப்பாட்டிலிருந்து விலக விரும்புகிறவர் ஒரு மாதம் முன்னதாகச் சொல்ல வேண்டும். அக்காவுக்குக் கொடுக்கும் தீபாவளிப் பணத்தை ஐவரும் சமமாகத் தருவோம்.

நவம்பரில் எல்லாம் சேர்த்து இங்கிருப்பவர் 164 வெள்ளியும் தம்பி 110 வெள்ளியும், ஐந்தாம் தேதிக்குள் பேநவ் வழியாகச் செலுத்திவிடலாம். கேன் எண்ணிக்கை கூடினாலும் குறைந்தாலும் அந்த வேறுபாடு அடுத்த மாதக் கணக்கில் சேரும். உடன்பாடு என்றால் கையெழுத்திடுங்கள். மாற்றம் வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமை காலை பேசுவோம்.

அன்புடன்,
சின்ன அறைக்காரர்

---

இந்தக் கடிதத்தில் எதிர்ப்பு வந்தது இரண்டு இடங்களில்தான். "ஏன் பாதி? முழுச் சம்பளத்தையும் நாள் கணக்கில் பிரிக்கலாமே" என்று ஊருக்குப் போகிறவர் கேட்டார். அப்படிப் பிரித்தால் தலைநாளுக்கு 5 வெள்ளி. அவர் 60 வெள்ளி தந்தால் போதும், மற்றவர்கள் 150 தர வேண்டும். இருவர் முழு மாதமும் போனால் மீதி மூவரும் ஆளுக்கு 220 வெள்ளி தர நேரும். இந்தக் கணக்கைக் காகிதத்தில் போட்டுக் காட்டியதும், டிசம்பரில் தாம் இங்கே தங்கப்போவது அவருக்கே நினைவுக்கு வந்தது. பாதி என்பது வேதவாக்கு அல்ல. எல்லோரும் ஆண்டுக்கு ஒரே அளவு விடுப்பில் போகிற வீடாக இருந்தால் சமமாகவே பிரித்துவிடலாம், ஆண்டு முடிவில் தானே நேராகிவிடும். ஒருவர் மட்டும் அடிக்கடி வெளியூர் வேலைக்குப் போகிற வீட்டில்தான் இந்தப் பாதிக்குத் தேவை அதிகம்.

மற்றோர் எதிர்ப்பு தண்ணீரைப் பற்றியது. இங்கே குழாய்த் தண்ணீரை வடிகட்டாமல் அப்படியே குடிக்கலாம் என்று பொதுப் பயனீட்டுக் கழகமே சொல்கிறது. 2025 ஏப்ரலிலிருந்து வீடுகளுக்கு, மாதம் 40 கன மீட்டர் வரையிலான பயன்பாட்டுக்கு, ஒரு கன மீட்டரின் விலை, பொருள் சேவை வரி நீங்கலாக, 3.24 வெள்ளி. ஒரு கன மீட்டர் என்பது 1000 லிட்டர். எங்கள் ஆறு கேனில் இருப்பது, கேனுக்கு 19 லிட்டராக, 114 லிட்டர். அதே தண்ணீரைக் குழாயில் பிடித்தால் 37 காசுதான் ஆகும். அதற்கு 66 வெள்ளி கொடுப்பது ஊர்ப் பழக்கமே தவிர வேறில்லை என்பது என் கருத்து. பழக்கத்துக்குச் செலவு செய்ய விரும்பாதவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்பதால்தான் விலகும் வழியைக் கடிதத்தில் வைத்தேன்.

விதி சரியாக நடக்கிறதா என்று பார்க்க ஓர் எளிய சோதனை உண்டு. மாத முடிவில் காலியான கேன்களை எண்ணி, லிட்டராக்கி, தலைநாளால் வகுத்துப் பாருங்கள். எங்கள் நவம்பர்க் கணக்கில் தலைக்கு நாளுக்கு முக்கால் லிட்டருக்குச் சற்று மேல் வந்தது. பகலில் வேலை இடத்தில் குடிக்கிறவர்களுக்கு இது இயல்பு. பின்னொரு மாதம் 150 தலைநாளுக்குப் பத்துக் கேன் ஆனபோது அது ஒன்றேகால் லிட்டரைத் தாண்டியது. யாரும் அதிகமாகக் குடிக்கவில்லை. டிஸ்பென்சர் சமையலறை வாசலிலேயே இருந்ததால், அக்கா அரிசி ஊறவைப்பதற்கும் ரசத்துக்கும் அதிலேயே பிடித்துக்கொண்டிருந்தார். டிஸ்பென்சரைக் கூடத்துக்கு மாற்றினோம், எண்ணிக்கை பழையபடி இறங்கியது. ஒருவர் மேல் ஒருவர் சந்தேகப்படுவதற்கு முன் இந்த வகுத்தலைச் செய்துவிடுவது நல்லது. மளிகைச் செலவையும் இதே தலைநாளால் வகுக்கலாம். அதில் அசைவம் சாப்பிடுகிறவர்களின் இறைச்சி, மீன் செலவை மட்டும் தனியே எழுத வேண்டும்.

சம்பளம் அதிகம் என்று யாராவது, பக்கத்து வீட்டுப் பணிப்பெண்ணை மாலையில் ஒரு மணி நேரம் வரச் சொல்லலாம் என்று யோசனை சொல்லக்கூடும். வேண்டாம். வேலை அனுமதியில் இருக்கும் இல்லப் பணிப்பெண், தம் முதலாளிக்காகப் பதிவு செய்யப்பட்ட முகவரியில் மட்டுமே வேலை செய்யலாம். வேறு வீட்டில் வேலை வாங்குவது மனிதவள அமைச்சின் சட்டப்படி குற்றம். கணவரின் டிபெண்டண்ட் பாஸில் இருக்கும் பெண்களும் 2021 மே மாதத்திலிருந்து, வேலைக்குச் சேர வேண்டுமானால் அதற்கான தனி அனுமதி பெற்றாக வேண்டும். எனவே பகுதிநேரமாகச் சமைக்க வருகிறவர் சிங்கப்பூர்க் குடிமக்களாகவோ நிரந்தரவாசியாகவோ இருக்கிறாரா என்று அடையாள அட்டையைப் பார்த்தபிறகு, அவர் கேட்கும் சம்பளத்தை உங்கள் கடிதத்தில் எழுதுங்கள்.