ஒரு லீற்றர் குளக்கட்டு மண்

வணக்கம் ஐயா. நான் கிளிநொச்சியில் குடிசார் பொறியியல் டிப்ளோமா முதலாம் வருடம் படிக்கிறேன். ஒரே மண்ணுக்கு வெற்றிட விகிதம் 0.54, நுண்துளைமை 35 வீதம், நிரம்பல் அளவு 60 வீதம் என்று கணக்கு வருது. அலகு நிறையும் நாலு விதமாம். சூத்திரங்களைப் பாடமாக்கிட்டன், ஆனால் எது எதைச் சொல்லுது என்று பிடிபடேல்லை. எங்கட ஊர் மண்ணை வைச்சே ஒருக்கா விளங்கப்படுத்துவீங்களா?

அன்புள்ள பிள்ளைக்கு,

சூத்திரங்களைக் கொஞ்ச நேரம் மூடி வையுங்கோ. கோடையில் ஒரு குளக்கட்டுக்குப் போவோம். 10 செ.மீ. விட்டமும் 12.73 செ.மீ. உயரமும் உள்ள இரும்பு உருளை ஒன்றைக் கட்டுக்குள் அடித்து இறக்கி, மண்ணோடு தோண்டி எடுத்து, இரண்டு முனையையும் கத்தியால் மட்டமாகச் சீவுகிறோம். உள்ளே இருப்பது 1000 கன செ.மீ., அதாவது சரியாக ஒரு லீற்றர் மண். தராசில் 1932 கிராம் நிற்கிறது. 105 பாகை ஓவனில் ஒரு நாள் காயவிட்டுத் திரும்ப நிறுத்தால் 1722 கிராம். குறைந்த 210 கிராமும் தண்ணீர்.

இந்த இரண்டு நிறுவையோடு இன்னும் ஒன்று வேண்டும்: மண்மணியின் தன்னீர்ப்பு. ஆய்கூடத்தில் போத்தல் முறையில் அளந்து 2.65 என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். ஒரு கன செ.மீ. கட்டி மணி 2.65 கிராம் என்பதுதான் அதன் பொருள். 1722 ஐ 2.65 ஆல் பிரித்தால் 650 கன செ.மீ. அந்த லீற்றருக்குள் உண்மையான மண் அவ்வளவுதான். மிச்சம் 350 வெற்றிடம். அதில் 210 ஐத் தண்ணீர் பிடித்திருக்கிறது, 140 இல் காற்று. மணி 650, நீர் 210, காற்று 140. இந்த மூன்று பங்கையும் ஒரு பெட்டியாகக் கீறி வைத்துக்கொள்ளுங்கோ. நீங்கள் கேட்ட எல்லா எண்ணும் இந்தப் பெட்டிக்குள்ளேயே கிடக்கிறது.

350 வெற்றிடத்தை முழு லீற்றரோடு ஒப்பிட்டால் 35 வீதம், அது நுண்துளைமை. அதே 350 ஐ மணியின் 650 ஓடு ஒப்பிட்டால் 0.54, அது வெற்றிட விகிதம். மேலே இருப்பது ஒன்றுதான், கீழே இருப்பது மாறுகிறது. அதனால் நுண்துளைமை ஒருநாளும் 100 வீதத்தைத் தொடாது. வெற்றிட விகிதமோ மென்மையான சேற்றுக் களியில் 1 ஐத் தாண்டிப் போகும். அதைக் கண்டு பிழை என்று அழிக்க வேண்டாம்.

ஒரே இடைவெளியைச் சொல்ல இரண்டு எண் ஏன் என்று நானும் படிக்கிற காலத்தில் குழம்பினேன். விடை மண் வெட்டுகிற கிடங்கில்தான் கிடைத்தது. கட்டு உயர்த்த றோலர் போட்டு இறுக்கிய மண் 100 கியூப் வேண்டும். கட்டில் வெற்றிட விகிதம் 0.54. மண் எடுக்கும் கிடங்கில் 0.80. எவ்வளவு வெட்ட வேண்டும்? நுண்துளைமையைப் பார்த்தால் கிடங்கில் 44 வீதம், கட்டில் 35 வீதம். வித்தியாசம் 9, ஆகவே 109 கியூப் போதும் என்று மனம் சொல்லும். அது பிழை, ஏனென்றால் அந்த இரண்டு வீதமும் வெவ்வேறு மொத்தத்தின் வீதங்கள். றோலர் எத்தனை தரம் ஏறினாலும் நசிவது இடைவெளிதான், மணியின் கனவளவு மாறாது. மணியை 1 என்று எடுத்தால் கட்டில் மொத்தம் 1.54, கிடங்கில் 1.80. எனவே 100 × 1.80 / 1.54, அதாவது 117 கியூப் வெட்ட வேண்டும். வெட்டிய மண் ரிப்பரில் இளகிக் கிடக்கும்போது விகிதம் 1.20 ஆக இருந்தால், ஏற்றி இறக்குவது 143 கியூப். கணக்கை 109 இல் நிறுத்தியவருக்குக் கட்டு முடியும் முன்னே மண் முடிந்துவிடும். மாறாத மணியைக் கீழே வைத்திருப்பதால்தான் மண் வேலைக்காரர் வெற்றிட விகிதத்தை விடுவதில்லை.

நிரம்பல் அளவு இன்னொரு கேள்விக்கு விடை: வெற்றிடத்தில் எவ்வளவைத் தண்ணீர் பிடித்திருக்கிறது? 210 / 350, ஆகவே 60 வீதம். மண்ணில் 60 வீதம் தண்ணீர் என்று வாசித்துவிடக் கூடாது. ஈரப்பதன் வேறு: அது நிறைக் கணக்கு, 210 ஐக் காய்ந்த மண்ணின் 1722 ஆல் பிரித்து 12.2 வீதம். ஈரமண்ணின் 1932 ஆல் பிரிப்பது தொடக்கத்தில் எல்லாரும் விடுகிற பிழை. அதைப் பிடிக்க ஒரு சோதனை இருக்கிறது:

S × e = w × Gs

இடப்பக்கம் நிரம்பல் அளவும் வெற்றிட விகிதமும், 0.60 × 0.538. வலப்பக்கம் ஈரப்பதனும் தன்னீர்ப்பும், 0.122 × 2.65. இரண்டும் 0.323. பொருந்தாவிட்டால் எங்கோ தவறான எண்ணால் பிரித்திருக்கிறீர்கள்.

ஆனால் அளவையே பிழைத்திருந்தால் இந்தச் சோதனை காட்டிக்கொடுக்காது. அதே கட்டில் மாரியில் 90 வீதம் நிரம்பிய மண்ணை எடுத்து, முனையைச் சரியாகச் சீவாமல் 5 மி.மீ. வெளியே நிற்க விட்டால், தராசில் 39 கன செ.மீ. மண் கூட ஏறும். நீங்களோ கனவளவை 1000 என்றே எழுதுவீர்கள். மணி 675 ஆகும், வெற்றிடம் 325 ஆகச் சுருங்கும், தண்ணீரோ 327. நிரம்பல் அளவு 100 ஐத் தாண்டிவிட்டது! இடைவெளியை விடக் கூடிய தண்ணீர் அதற்குள் இருக்க முடியாது. அப்படி வந்தால் 100 என்று திருத்தி எழுதாமல் சீவிய முனையையும் தன்னீர்ப்பையும் திரும்பப் பாருங்கோ. இரும்புச் சத்துள்ள செம்மண்ணுக்கு 2.65 ஐ அளக்காமல் போடுவதும் நல்லதல்ல. கிரவல் கலந்த இடத்தில் இந்த உருளை சரிவராது, கல்லில் முட்டி மண்ணைக் குழப்பிவிடும். அங்கே குழி தோண்டி, அளவு தெரிந்த மணலால் நிரப்பித்தான் கனவளவு எடுக்க வேண்டும்.

இனி நாலு அலகு நிறை. அவை நாலு மண் இல்லை, ஒரே பெட்டியின் நாலு பருவம். ஒரு கன செ.மீ.க்கு வரும் கிராமை 9.81 ஆல் பெருக்கிக் கனமீற்றருக்குக் கிலோநியூட்டனில் சொல்கிறேன். நாங்கள் எடுத்தபடியே ஈரத்தோடு 18.95. தண்ணீரை விட்டு மணியை மட்டும் எண்ணினால் உலர் அலகு நிறை 16.89. றோலர் எவ்வளவு இறுக்கியது என்பதை இதுதான் சொல்லும், ஈரம் கூடினாலும் குறைந்தாலும் ஏமாறாது. மாரி வந்து குளம் வான் பாய, நீர்மட்டத்துக்குக் கீழே உள்ள மண்ணில் அந்த 140 காற்றிடமும் தண்ணீரால் நிரம்பினால் லீற்றருக்கு 2072 கிராம், அதாவது 20.33. அது நிரம்பிய அலகு நிறை. ஆனால் சுற்றியுள்ள நீர் அந்த மண்ணை 9.81 ஆல் மேலே தாங்குவதால் மணிகள் ஒன்றையொன்று அழுத்துவது 10.52 ஆல் மட்டும். அது அமிழ்ந்த அலகு நிறை.

இந்தக் கடைசி இரண்டுக்கும் இடையில்தான் ஆபத்து. இரணைமடு போன்ற பெரிய குளத்தில் தண்ணீரை மிக வேகமாக இறக்கினால், கட்டின் உட்பக்கத்தைத் தாங்கி நின்ற நீர் போய்விடும், களி கலந்த மண்ணின் வெற்றிடத்து நீரோ அதே வேகத்தில் வடியாது. 10.52 ஆகச் சரிவில் சாய்ந்திருந்த மண் 20.33 ஆக இழுக்கத் தொடங்கும், பிடிமானம் மட்டும் கூடாது. கட்டின் மேலே கரையோடு ஒட்டி நீளவாக்கில் வெடிப்பு ஓடுவது அதன் முதல் அறிகுறி. அதைக் கண்டால் துருசைத் தாழ்த்தி நீர் இறங்கும் வேகத்தைக் குறைப்பார்கள்.